40, 70, 92.5: ஒரே ரெஸ்யூமேவுக்கு மூன்று மார்க்

வேலைக்கு அனுப்பிய ரெஸ்யூமே திரும்பி வரும்போது காரணம் எழுதி வராது. "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று ஒரு மெயில் வரும், பல நேரம் அதுவும் வராது. அனுப்பியவர் தானாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார். காலேஜ் பெயர் சரியில்லை, ஆங்கிலம் சரியில்லை, ரெஸ்யூமேயின் டிசைன் சரியில்லை என்று பட்டியல் நீளும். பிறகு அந்தக் காரணத்தைச் சரிசெய்ய ஒரு மாதம் போகும்.

இதைவிடக் கொஞ்சம் ஒழுங்கான வழி ஒன்று உண்டு. ஒரே ரெஸ்யூமேவை ஒரே விளம்பரத்தோடு வைத்து மூன்று தடவை மார்க் போடுவது. முதல் தடவை கறாராக, அடுத்தது சாதாரணமாக, கடைசியாகத் தளர்வாக. ரெஸ்யூமே மாறாது, விளம்பரமும் மாறாது, பார்க்கும் கண்டிப்பு மட்டும் மாறும். மார்க் எந்த வரியில் ஏறி இறங்குகிறது என்று பார்த்தால், நிராகரிப்பு எந்தத் தகுதியில் தொங்குகிறது என்று தெரியவரும். அப்படிச் செய்துபார்த்த ஒரு கேஸ் இது. விண்ணப்பித்தவரும் நிறுவனமும் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கில் எதையும் மாற்றவில்லை.

விளம்பரமும் ரெஸ்யூமேவும்

வேலை சென்னையில், ஜாவா பேக்எண்ட் டெவலப்பர். வங்கிகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனம். ஜேடியில், அதாவது வேலை விவரம் சொல்லும் அந்த விளம்பரத்தில், "கட்டாயம் வேண்டும்" என்ற தலைப்பின் கீழ் மூன்று விஷயங்கள் இருந்தன: ஜாவாவில் குறைந்தது 4 வருட டெவலப்மென்ட் அனுபவம், ஸ்பிரிங் பூட்டில் மைக்ரோசர்வீஸ், காஃப்கா. அதன் கீழே ஆரக்கிள் அல்லது போஸ்ட்கிரஸ், ஏடபிள்யூஎஸ்ஸில் ஈசி2, லாம்ப்டா, எஸ்3 என மூன்று சேவைகள், டாக்கரும் குபர்நெட்டிஸும், ஜேயூனிட்டும் ஜென்கின்ஸும், கடைசியில் 60 சதவீதத்துக்குக் குறையாத பி.இ. பட்டம்.

விண்ணப்பித்தவர் இசிஇ படித்தவர். 2020 ஆகஸ்டில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தார். 2022 மார்ச் வரை புரொடக்‌ஷன் சப்போர்ட், ஏப்ரலில் இருந்து 2025 செப்டம்பர் வரை ஜாவா டெவலப்பர். மொத்தம் 5 வருடம் 2 மாதம். அதில் சப்போர்ட் 1 வருடம் 8 மாதம், டெவலப்மென்ட் 3 வருடம் 6 மாதம். ஸ்பிரிங் பூட் மைக்ரோசர்வீஸ் செய்ததும், ஆரக்கிளில் மெதுவாக ஓடிய குவெரிகளைச் சரிசெய்ததும் புராஜெக்ட் விவரத்திலேயே தெளிவாக இருக்கின்றன. மெசேஜ் க்யூவுக்கு அவர்கள் பயன்படுத்தியது காஃப்கா இல்லை, ராபிட்எம்க்யூ. ஏடபிள்யூஎஸ்ஸில் எஸ்3 மட்டும். டாக்கர் உண்டு, குபர்நெட்டிஸ் இல்லை. ஜேயூனிட், ஜென்கின்ஸ் இரண்டும் மேலே உள்ள "ஸ்கில்ஸ்" வரிசையில் இருக்கின்றன, கீழே எந்தப் புராஜெக்டிலும் இல்லை. பட்டத்தில் சிக்கல் இல்லை.

பார்த்தவுடன் "ஆள் பொருத்தம்தானே" என்று தோன்றும். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. விண்ணப்பம் திரும்பி வந்தது.

மார்க் போடும் விதி

இந்த வேலையில் பெரிய ஆபத்து, ரெஸ்யூமேவைப் படித்துக்கொண்டே விதி செய்வது. ஆளைப் பிடித்துப்போனால் "சரி, ராபிட்எம்க்யூவும் க்யூதானே" என்று மனசு சொல்லும். பிடிக்காவிட்டால் அதே மனசு காஃப்காவை எங்கே என்று கேட்கும். அதனால் ரெஸ்யூமேவைத் திறப்பதற்கு முன்பே, ஜேடியை மட்டும் பார்த்து, விதியை எழுதி முடித்துவிட வேண்டும்.

ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு எடை, மொத்தம் 100. கட்டாயம் என்று சொன்னவற்றுக்கு அதிகம், கீழே போகப்போகக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் முழு மார்க், பாதி மார்க், பூஜ்யம் என மூன்றே சாத்தியங்கள். இதற்குமேல் நுணுக்கமாகப் பிரிப்பதில் பயனில்லை. 7க்கும் 8க்கும் என்ன வித்தியாசம் என்று மறுநாள் நமக்கே சொல்லத் தெரியாது.

கறார் நிலையில், ஜேடி கேட்ட அதே பொருள் ஒரு புராஜெக்டின் கீழ், தேதியோடு எழுதப்பட்டிருந்தால் முழு மார்க். இல்லையென்றால் பூஜ்யம். பாதி என்ற பேச்சே இல்லை. மூன்று கேட்டு ஒன்று இருந்தாலும் பூஜ்யம்.

சாதாரண நிலையில், அதே பொருள் புராஜெக்டில் இருந்தால் முழு மார்க். அதற்கு நெருங்கிய மாற்று இருந்தாலோ, ஸ்கில்ஸ் வரிசையில் பெயர் மட்டும் இருந்தாலோ, கேட்டதில் ஒரு பகுதி இருந்தாலோ பாதி. எத்தனை மாதம் என்று தெளிவில்லாத அனுபவத்துக்கும் பாதி.

தளர்வு நிலையில், நெருங்கிய மாற்றுக்கும் முழு மார்க், ஸ்கில்ஸ் வரிசையில் பெயர் இருந்தாலும் முழு மார்க், அனுபவத்துக்கு மொத்த வருடத்தையே எடுத்துக்கொள்வது. ஆனால் ஒரு எல்லை உண்டு. ரெஸ்யூமேவில் இல்லாததைத் தளர்வு உண்டாக்கக் கூடாது. மூன்றில் ஒன்று இருந்தால் தளர்விலும் பாதிதான்.

தேறும் மார்க் 60. அதோடு கட்டாயத் தகுதி மூன்றில் எதிலும் பூஜ்யம் இருக்கக் கூடாது. பிளஸ் டூ மார்க் ஷீட் மாதிரிதான் இது: மொத்தம் எவ்வளவு வாங்கினாலும் ஒரு பாடத்தில் 35க்குக் கீழே போனால் பெயில்.

கிடைத்த மார்க்

| தகுதி | எடை | கறார் | சாதாரணம் | தளர்வு |
|---|---|---|---|---|
| ஜாவா 4 வருடம் (கட்டாயம்) | 25 | 0 | 12.5 | 25 |
| ஸ்பிரிங் பூட், மைக்ரோசர்வீஸ் (கட்டாயம்) | 20 | 20 | 20 | 20 |
| காஃப்கா (கட்டாயம்) | 15 | 0 | 7.5 | 15 |
| ஆரக்கிள் / போஸ்ட்கிரஸ் | 15 | 15 | 15 | 15 |
| ஏடபிள்யூஎஸ் | 10 | 0 | 5 | 5 |
| டாக்கர், குபர்நெட்டிஸ் | 5 | 0 | 2.5 | 2.5 |
| ஜேயூனிட், ஜென்கின்ஸ் | 5 | 0 | 2.5 | 5 |
| பி.இ., 60% | 5 | 5 | 5 | 5 |
| மொத்தம் | 100 | 40 | 70 | 92.5 |

கறாரில் நிராகரிப்பு, மற்ற இரண்டிலும் தேர்ச்சி. பலரும் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு "கம்பெனி கறாராகப் பார்த்திருக்கிறது" என்று முடிவுகட்டிவிடுவார்கள். அது காரணம் ஆகாது. எட்டுத் தகுதிகளில் ஐந்து கறாரில் பூஜ்யம். அந்த ஐந்தில் எது ஆளை வெளியே தள்ளியது, எது சும்மா மார்க்கைக் குறைத்தது என்று இந்த அட்டவணை சொல்லவில்லை.

அசையாத மூன்று வரிகளை முதலில் ஒதுக்கிவிடலாம். ஸ்பிரிங் பூட், ஆரக்கிள், பட்டம் மூன்றும் எந்தக் கண்டிப்பிலும் முழு மார்க். இவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம். சொல்லப்போனால் விண்ணப்பித்தவர் அதிகம் கவலைப்பட்டது பட்டத்தைப் பற்றித்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காததால் ஒதுக்குகிறார்கள் என்பது அவர் எண்ணம். ஜேடி பிரிவு எதையும் கேட்கவே இல்லை.

ஒவ்வொன்றாகத் தளர்த்தியபோது

மற்ற எல்லாவற்றையும் கறாராகவே வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வரியை மட்டும் சாதாரண நிலைக்கு ஏற்றிப் பார்த்தேன். அனுபவத்தை ஏற்றினால் 40 என்பது 52.5 ஆகிறது. காஃப்காவை ஏற்றினால் 47.5. ஏடபிள்யூஎஸ்ஸை ஏற்றினால் 45. மற்ற இரண்டும் தலா 42.5. ஐந்து தடவையும் முடிவு ஒன்றுதான்: நிராகரிப்பு.

அனுபவத்தை நேராகத் தளர்வு நிலைக்கே ஏற்றிப் பார்த்தால் 65 வருகிறது. தேறும் மார்க்கைத் தாண்டிவிட்டது, ஆனாலும் வெளியேதான். காஃப்கா பூஜ்யமாக நிற்கிறது.

இதை மட்டும் வைத்துப் பார்த்தால் "எதைச் சரிசெய்தாலும் பிரயோஜனம் இல்லை, ஆள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைவு" என்றுதான் முடிவுக்கு வரத் தோன்றும். ரெஸ்யூமே ஆலோசனை சொல்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் "மொத்தமாக மாற்றி எழுதுங்கள்" என்கிறார்கள்.

ஒவ்வொன்றாக இறுக்கியபோது

அடுத்து எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்தேன். எல்லாம் தளர்வு, 92.5. ஒரே ஒரு வரியை மட்டும் கறாராக்குவது.

ஏடபிள்யூஎஸ்ஸைக் கறாராக்கினால் 87.5, தேர்ச்சி. டாக்கர் வரியை இறுக்கினால் 90, தேர்ச்சி. ஜேயூனிட் வரியை இறுக்கினால் 87.5, அதுவும் தேர்ச்சி. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கினாலும் 80. ஆள் உள்ளேதான் இருக்கிறார்.

அனுபவத்தைக் கறாராக்கினால் 67.5. மார்க் போதும், ஆனால் கட்டாயத் தகுதியில் பூஜ்யம் என்பதால் நிராகரிப்பு. காஃப்காவைக் கறாராக்கினால் 77.5, இதுவும் நிராகரிப்பு.

கேஸின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. நிராகரிப்பைத் தூக்கி நிறுத்தும் வரிகள் இரண்டே: அனுபவம், காஃப்கா. இரண்டில் எது ஒன்று இறுகினாலும் ஆள் வெளியே போவார். உள்ளே வர இரண்டுமே தளர வேண்டும். அதனால்தான் கறாரில் இருந்து ஒவ்வொன்றாகத் தளர்த்தியபோது எதுவுமே தெரியவில்லை. ஒன்று திறந்தபோது மற்றொன்று மூடியிருந்தது. இரண்டையும் சேர்த்து சாதாரண நிலைக்கு ஏற்றி, மற்றதைக் கறாராகவே விட்டால் சரியாக 60 வருகிறது, தேர்ச்சி. விளிம்பில்தான், இருந்தாலும் தேர்ச்சி.

இன்னொன்றையும் கவனிக்கலாம். 77.5 வாங்கி வெளியே போகிற நிலை ஒன்று இருக்கிறது, 60 வாங்கி உள்ளே வருகிற நிலையும் இருக்கிறது. இணையத்தில் ரெஸ்யூமேவுக்கு "மேட்ச் 78%" என்று ஒரு எண் காட்டும் கருவிகள் நிறைய உண்டு. கட்டாயத் தகுதி எது என்று பிரித்துப் பார்க்காத எண் என்றால், அதை 78ல் இருந்து 85க்கு ஏற்ற ஏடபிள்யூஎஸ், டாக்கர் என்று சொற்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். இந்தக் கேஸில் அதனால் முடிவு மாறியிருக்காது.

இப்படி வெளியே போவது அபூர்வமும் இல்லை. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்சென்சரும் 2021ல் வெளியிட்ட ஆய்வில், தகுதியான உயர்திறன் விண்ணப்பதாரர்கள் ஜேடியோடு அச்சு அசலாகப் பொருந்தவில்லை என்பதாலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள் என்று 88% நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் எடுத்த ஆய்வு அது, நம் ஊர்க் கணக்கு இல்லை. ஆனால் வடிகட்டும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

அனுபவம்: செய்த வேலை, எழுதாத தேதி

இரண்டு வரிகளும் ஒரே மாதிரிப் பூஜ்யம் வாங்கினாலும் இரண்டும் வேறு வேறு வகை. இந்த வித்தியாசத்தைப் பிடிப்பதற்குத்தான் மூன்று நிலைகளே.

அனுபவத்தை எடுத்துக்கொள்வோம். கறாரில் 3 வருடம் 6 மாதம், கேட்டது 4 வருடம், ஆறு மாதம் குறைவு. சாதாரணத்தில் பாதி மார்க் ஏன் கிடைத்தது? சப்போர்ட் வேலையின் கீழ் ஒரு வரி இருந்தது: எல்2, எல்3 எனும் இரண்டாம், மூன்றாம் நிலை சப்போர்ட் டிக்கெட்டுகளைக் கையாண்டேன், ஜாவா மாட்யூல்களில் குறைகளைச் சரிசெய்தேன் என்று. அதாவது கோட் எழுதியிருக்கிறார். எத்தனை மாதம் எழுதினார் என்றுதான் தெரியவில்லை. அவரிடமே கேட்டேன்.

"சப்போர்ட்ல முழுக்க டிக்கெட் பார்த்து மூடுற வேலைதானாம்மா?"

"முதல் ஒரு வருஷம் அப்படித்தான் அண்ணா. 2021 ஆகஸ்ட்ல எல்3 டீமுக்கு மாத்தினாங்க. அப்புறம் கோட் ஃபிக்ஸ் எல்லாம் நான்தான் பண்ணேன். ரிலீஸுக்கும் நான்தான் அனுப்புவேன்."

2021 ஆகஸ்டில் இருந்து 2022 மார்ச் வரை எட்டு மாதம். 3 வருடம் 6 மாதத்தோடு சேர்த்தால் 4 வருடம் 2 மாதம். கேட்ட தகுதி அவரிடம் இருக்கிறது. ரெஸ்யூமேவில்தான் இல்லை. 20 மாதத்தையும் "சப்போர்ட்" என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு, அதற்குள் இரண்டு வேலைகளையும் கலந்து எழுதிவிட்டார்.

இங்கே ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பலர் ரெஸ்யூமேவைப் பார்த்து ஒரு எக்செல் ஷீட் நிரப்புவார்கள். டோட்டல் எக்ஸ்பீரியன்ஸ், ரெலவன்ட் எக்ஸ்பீரியன்ஸ், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட் என்று வரிசையாகப் பெட்டிகள். நௌக்ரி மாதிரித் தளத்தில் இவர் 5 வருடம் என்று கொடுத்திருந்ததால் அங்கே தேடலில் வந்துவிடுவார். இரண்டாவது பெட்டிதான் சிக்கல். ஷீட் நிரப்புகிறவர் "டெவலப்பர்" என்று போட்ட தேதிகளை மட்டும் கூட்டி 3.5 என்று போட்டால், மேலே இருக்கிற மேனேஜர் ரெஸ்யூமேவைத் திறக்கவே மாட்டார்.

திருத்தம் சிறியது. பழைய பதவிப் பெயரைத் தொடவில்லை. பிறகு பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் அனுபவச் சான்றிதழோடு ஒத்துப்பார்ப்பார்கள், அங்கே பதவிப் பெயர் மாறியிருந்தால் பெரிய வில்லங்கம். பதவியின் கீழே உள்ள வேலை விவரத்தை மட்டும் இரண்டாகப் பிரித்தோம். 2020 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை எல்2 சப்போர்ட். 2021 ஆகஸ்ட் முதல் 2022 மார்ச் வரை எல்3, ஜாவா கோட் திருத்தமும் ரிலீஸும். மேலே சுருக்கத்தில் "ஜாவா கோடிங்கில் 4 வருடம் 2 மாதம், மொத்தம் 5 வருடம் 2 மாதம்" என்று ஒரு வரி, ஷீட் நிரப்புகிறவர் கூட்டிப் பார்க்க வேண்டியதே இல்லாதபடி.

அதோடு ஜேயூனிட்டையும் ஜென்கின்ஸையும் ஸ்கில்ஸ் வரிசையில் இருந்து, உண்மையில் பயன்படுத்திய புராஜெக்டின் கீழே இறக்கினோம். அது முடிவை மாற்றாது என்று தெரியும். பத்து நிமிட வேலை என்பதால் செய்தோம், அவ்வளவுதான்.

திரும்பவும் அதே விதியில் மார்க் போட்டதில் கறார் 40ல் இருந்து 70 ஆனது. சாதாரணம் 70ல் இருந்து 85.

காஃப்கா: எழுதிச் சரிசெய்ய முடியாதது

கறாரில் 70 வந்தும் நிராகரிப்பு மாறவில்லை. காஃப்கா இன்னும் பூஜ்யம். இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளவோ பிரித்து எழுதவோ எதுவும் இல்லை. அவர் காஃப்காவைத் தொட்டதில்லை.

ராபிட்எம்க்யூ எவ்வளவு தூரம் மாற்று ஆகும் என்பது கேட்கும் ஆளைப் பொறுத்தது. இரண்டிலும் ஒரு சர்வீஸ் செய்தியை அனுப்பும், இன்னொன்று எடுத்துக்கொள்ளும். செய்தி இரண்டு தடவை வந்தால் பணம் இரண்டு தடவை போகாமல் பார்த்துக்கொள்வது, தோற்றுப்போன செய்தியைத் தனியாக ஒதுக்கி மறுபடி முயல்வது போன்ற தலைவலிகள் இரண்டிலும் ஒன்றே. இவற்றைச் செய்தவர் புதிதாகப் படிக்க வேண்டியது குறைவு. ஆனால் உள்ளே அமைப்பு வேறு. ராபிட்எம்க்யூவின் வழக்கமான க்யூவில், எடுத்துக்கொண்டவர் "வந்துவிட்டது" என்று சொன்னதும் செய்தி போய்விடும். காஃப்கா செய்திகளை ஒரு பதிவேடு போல வரிசையாக எழுதி, குறித்த காலம் வரை வைத்திருக்கும். யார் எதுவரை படித்தார்கள் என்பதை ஆஃப்செட் என்ற எண் வைத்துக் கணக்கு பார்க்கும். ஒரே டாபிக்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரித்து வைக்கும், வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் உறுதி. பழைய செய்திகளை மறுபடி ஓட்டிப் பார்ப்பது காஃப்காவில் அன்றாட வேலை.

பேக்எண்ட் டீம் நடத்தும் நண்பர் ஒருவரிடம் இதே விதியையும் ரெஸ்யூமேவையும் கொடுத்து, என் மார்க்கைக் காட்டாமல் மார்க் போடச் சொன்னேன். மற்ற ஏழு வரிகளிலும் ஒரே மார்க். காஃப்காவில் மட்டும் சாதாரண நிலையிலேயே பூஜ்யம் போட்டார். "பேங்க் வேலைப்பா. நடந்த டிரான்சாக்‌ஷனை எல்லாம் மறுபடி ஓட்டிப் பார்க்கிற சிஸ்டமா இருந்தா ராபிட் தெரிஞ்சவரை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் கணக்கில் பழைய ரெஸ்யூமேவுக்குச் சாதாரண நிலை 70 இல்லை, 62.5. அதைவிட முக்கியம், கட்டாயத் தகுதியில் பூஜ்யம். சாதாரணத்திலேயே நிராகரிப்பு ஆகிவிடும். இரண்டு பேர் ஒரே விதியை வைத்துக்கொண்டும் வேறு முடிவுக்கு வருகிற வரி எதுவோ, அதில்தான் உண்மையான தேர்வுக்குழுவும் பிரிந்து நிற்கும்.

"ஒரு வாரம் கோர்ஸ் பார்த்துட்டு ஸ்கில்ஸ்ல காஃப்கான்னு போட்டுடலாமா அண்ணா?" என்று விண்ணப்பித்தவர் கேட்டார். சொல்லை மட்டும் தேடும் வடிகட்டி என்றால் அதில் தாண்டிவிடலாம். என் கறார் விதியில் மார்க் ஏறாது, புராஜெக்டில் இல்லையே. தாண்டினாலும் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும். டாபிக்குக்கு எத்தனை பார்ட்டிஷன் வைத்தீர்கள், ஏன் அத்தனை, கன்சூமர் ஒன்று விழுந்தபோது மற்றவற்றுக்கு என்ன ஆனது என்று கேட்பார்கள். ஓடும் சிஸ்டத்தில் வேலை பார்க்காதவரால் இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். போடவில்லை.

போட்டது வேறு. ராபிட்எம்க்யூ என்று ஒற்றைச் சொல்லாக இருந்த இடத்தில், இரட்டைச் செய்தியை எப்படித் தடுத்தார், தோற்ற செய்தியை எங்கே அனுப்பினார், எத்தனை முறை மறுபடி முயலச் சொன்னார் என்று இரண்டு வரி எழுதினோம். மார்க் மாறாது. ஆனால் மாற்றை ஏற்கலாமா என்று யோசிக்கும் ஆளுக்கு யோசிக்க ஏதாவது கிடைக்கும்.

இதிலிருந்து கிடைத்த பெரிய பயன் ரெஸ்யூமேவுக்கு வெளியே. அவர் அடுத்து விண்ணப்பிக்க எடுத்து வைத்திருந்த ஜேடிகளை இந்த ஒரு வரியை வைத்தே பிரித்தோம். காஃப்கா என்று மட்டும் கட்டாயத்தில் இருப்பவை ஒரு பக்கம். "காஃப்கா அல்லது ராபிட்எம்க்யூ", "ஏதாவது ஒரு மெசேஜ் க்யூ", அல்லது காஃப்கா "இருந்தால் நல்லது" என்ற தலைப்பின் கீழ் இருப்பவை இன்னொரு பக்கம். இரண்டாம் வகையில் புதிய ரெஸ்யூமே என் விதியில் கறாராகவே தேறுகிறது. முதல் வகைக்குத் தளம் வழியாக அனுப்புவதில் அர்த்தம் குறைவு. உள்ளே தெரிந்தவர் யாராவது ரெஃபர் செய்து, ரெஸ்யூமே நேராக டீம் மேனேஜர் கைக்குப் போனால் மட்டும் முயலலாம். மாற்றை ஏற்கும் அதிகாரம் பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கும், ஷீட் நிரப்புகிறவரிடம் இல்லை.

கணக்கு எங்கே பிசகலாம்

எடைகளும் 60 என்ற கோடும் நான் வைத்தவை. கோட்டை நகர்த்திப் பார்த்தேன். பழைய ரெஸ்யூமேவுக்குக் கோடு 41ல் இருந்து 70 வரை எங்கே இருந்தாலும் கறாரில் நிராகரிப்பு, சாதாரணத்தில் தேர்ச்சி என்பது மாறவில்லை. அதனால் 60ஆ 65ஆ என்ற கேள்வி இந்தக் கேஸில் பெரிதில்லை.

கட்டாயத் தகுதி என்ற விதியை எடுத்துவிட்டால் படம் மாறும். வெறும் மொத்த மார்க் என்றால், கறாரில் இருந்து அனுபவத்தை மட்டும் முழுதாகத் தளர்த்தினாலே 65 வந்து ஆள் உள்ளே போகிறார். காஃப்கா ஒரு பொருட்டே இல்லை. ஆக, காஃப்கா நிராகரிப்பைத் தீர்மானிக்கிறது என்ற முடிவு, ஜேடியில் "கட்டாயம்" என்று எழுதியதை நிறுவனம் உண்மையாகவே அப்படி நடத்துகிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது. சில நிறுவனங்கள் பழைய ஜேடியை அப்படியே ஒட்டி வெளியிடும், யாரும் அந்த வரியைத் திரும்பப் பார்ப்பதில்லை. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இது தெரிய வழியில்லை. அனுபவ வரி அப்படி இல்லை, இரண்டு கணக்கிலும் அது நிற்கிறது. முதலில் அதைச் சரிசெய்ததற்குக் காரணம் அதுதான்.

அனுபவத்தைப் பதவிப் பெயரை மட்டும் வைத்து எண்ணுகிற இடமும் உண்டு. அங்கே எட்டு மாதத்தைப் பிரித்து எழுதியும் 3 வருடம் 6 மாதம்தான் கணக்கில் வரும். என் கறாரைவிடக் கறாரான பார்வை அது. இவருக்கு அந்த வழி 2026 ஏப்ரலில்தான் திறக்கும், 2022 ஏப்ரலில் இருந்து டெவலப்பராக 4 வருடம் முடியும்போது.

கடைசியாக, ரெஸ்யூமேவில் இல்லாத ஒன்று. விண்ணப்பப் படிவத்தில் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று ஒரு கேள்வி இருந்திருக்கிறது. இவருக்கு 90 நாள். ஜேடியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் என் எட்டு வரிகளில் அது வரவே இல்லை, மூன்று நிலைகளும் அதைப் பார்க்கவில்லை. 30 நாளுக்கு மேல் என்றால் ரெஸ்யூமேவைத் திறக்காமலே ஒதுக்கும்படி படிவத்தை அமைத்து வைக்க முடியும். அப்படி அமைத்திருந்தால் மேலே உள்ள எந்த மார்க்குக்கும் அந்த நிராகரிப்போடு சம்பந்தமில்லை. அடுத்த விண்ணப்பங்களில், படிவத்தில் இடம் இருந்தால், "90 நாள், கம்பெனி பைஅவுட்டுக்குச் சம்மதிக்கும்" என்று எழுதச் சொன்னேன். பைஅவுட் என்றால் மீதி நாளுக்குப் பணம் கட்டி முன்பே விலகுவது. சம்மதிக்குமா என்று முதலில் எச்ஆரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றார்.